விற்காவிட்டால் யார் எடுத்துக்கொள்வது

தன் செலவில் நாவல் போட்ட ஒருத்தி, ஊர்ப் புத்தகக்கடைக்கு எழுதும் மின்னஞ்சலில் நாவலைப் பற்றி மூன்று வரிக்கு மேல் எழுதக்கூடாது என்று சொன்னால் அவளுக்குக் கோபம்தான் வரும். நாலு வருஷம் உட்கார்ந்து எழுதியிருப்பாள். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. ஆனாலும் அப்படித்தான் சொல்கிறேன். மியூனிக் பக்கத்துப் புத்தகக்கடை ஒன்றில் சில ஆண்டுகள் பகுதிநேரமாக வேலை பார்த்தேன். காலையில் கடைக்கு வரும் கடிதங்களைத் திறப்பதும் என் வேலைகளில் ஒன்று. எழுதியவர்களின் உழைப்பு அந்தக் கடிதங்களில் நிறைய இருந்தது. கடைக்காரி அறிய வேண்டிய ஒரே விஷயம் மட்டும் பெரும்பாலானவற்றில் இருக்காது: இந்தப் புத்தகம் விற்காவிட்டால் இதை யார் எடுத்துக்கொள்வது?

கார்ஹிங்கில் இருக்கும் என் தோழி ஒருத்தியின் மின்னஞ்சலை முன்வைத்து இதை எழுதுகிறேன். மியூனிக்குக்கு வடக்கே, இசார் ஆற்றை ஒட்டிய ஊர். 1957இல் அங்கே கட்டப்பட்ட ஆராய்ச்சி அணு உலையின் முட்டை வடிவக் கூரை இன்று ஊர்ச் சின்னத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றி வளர்ந்த வளாகத்தில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்கள், ஐரோப்பிய தெற்கு வானாய்வகத்தின் தலைமையகம் என எல்லாம் இருக்கின்றன. 2006இல் யு6 சுரங்க ரயில் வளாகம் வரை நீண்டது. அந்த ரயிலில் தமிழ்ப் பேச்சு காதில் விழுவது இப்போது அதிசயமில்லை. ஆய்வாளர் கணவனோடு வந்து, விசாவும் மொழியும் சரியாகும்வரை ஊர் பேக்கரியில் நிற்கும் ஒரு பெண்ணின் கதையைத் தோழி ஜெர்மனிலேயே எழுதினாள். பதிப்பகங்கள் எடுக்கவில்லை. அமேசானின் சுயபதிப்புச் சேவையில் போட்டு, நூறு பிரதி தன் செலவில் அச்சடித்தாள். நல்ல நாவல். இரண்டு முறை படித்தேன்.

கடைக்கு அவள் முதலில் அனுப்பிய மின்னஞ்சல் இரண்டு பக்கம். பாட்டி கதை சொன்னது, இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் எழுதியது, படித்தவர்கள் அழுதது எல்லாம் அதில் இருந்தன. முழு நாவலையும் கோப்பாக இணைத்திருந்தாள். கீழே அமேசான் சுட்டி, "வாசகர்கள் தந்த நட்சத்திரங்களைப் பாருங்கள்" என்ற வேண்டுகோளோடு. அனுப்பிய நாள் நவம்பர் கடைசி வாரம். பதில் வரவில்லை.

"ஒரு வரி பதில் போட்டா என்ன அக்கா? என் புக் பிடிக்கலைன்னாவது சொல்லலாமே" என்றாள்.

பிடிக்கிறதா இல்லையா என்ற இடத்துக்கே அந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை. ஜெர்மன் கடைகளுக்கு நவம்பர் கடைசி என்பது நமக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் மாதிரி. கிறிஸ்துமஸுக்கு முந்திய அந்த வாரங்களில் நடக்கும் வியாபாரத்தை நம்பித்தான் பல சிறு கடைகள் வருஷத்தை ஓட்டுகின்றன. கவுன்டரில் வரிசை நிற்கும்போது யாரும் இரண்டு பக்கக் கடிதத்தைப் படிப்பதில்லை. பதிப்பகங்களின் பிரதிநிதிகள்கூட வருஷத்துக்கு இரண்டு பருவம்தான், வசந்தப் பட்டியலோடும் இலையுதிர்காலப் பட்டியலோடும் வருவார்கள். டிசம்பரில் அவர்கள் தலைகாட்ட மாட்டார்கள். ஜனவரியில் கையிருப்புக் கணக்கெடுப்பு முடிந்த பிறகு கடைக்காரிக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். கேட்பதானால் அப்போது கேட்க வேண்டும்.

நேரம் சரியாகவே அமைந்து அவர் அந்தக் கடிதத்தைத் திறந்திருந்தாலும், முதலில் செய்திருக்கக்கூடியது ஒன்றுதான். ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேடி எடுத்து மொத்த விற்பனையாளரின் திரையில் தட்டியிருப்பார். ஜெர்மன் புத்தக வியாபாரத்தின் முதுகெலும்பு இந்த மொத்த விற்பனைக் கிடங்குகள். லீப்ரியின் கிடங்கு பாட் ஹெர்ஸ்ஃபெல்டில், சைட்ஃப்ராக்ட்டினுடையது எர்ஃபுர்ட்டில். சாயங்காலம் கடையிலிருந்து ஆர்டர் போனால், கிடங்கில் இருப்பில் உள்ள புத்தகம் மறுநாள் காலை கடை திறப்பதற்குள் பெட்டியில் வந்து இறங்கிவிடும். அதனால் மூன்று அலமாரி மட்டுமே உள்ள கடையும் லட்சக்கணக்கான புத்தகங்களைத் தன்னுடையது போல விற்க முடிகிறது. வாடிக்கையாளர் கேட்ட புத்தகத்தை நாளைக்கு வரவழைப்பது அங்கே அன்றாடம் நடப்பது. அலமாரியில் வாங்கி வைப்பது அப்படியல்ல. அங்கே ஒரு முதுகு நுழைய வேண்டுமானால் இன்னொரு முதுகு வெளியேற வேண்டும்.

தோழியின் புத்தகம் அந்தத் திரையில் வரவே வராது. அமேசானின் சுயபதிப்புச் சேவையில் மட்டும் போட்ட அச்சுப் பிரதி இந்தக் கிடங்குகளுக்கு இயல்பாகப் போவதில்லை. கடைக்காரிக்கு அந்தப் புத்தகம் வேண்டுமென்றால், தன் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டு போகும் போட்டியாளரிடமே போய், சாதாரண வாசகர் போல விலை கொடுத்து வாங்க வேண்டும். லாபமும் கிடையாது, திருப்பித் தரவும் முடியாது. அந்தச் சுட்டியைக் கடிதத்தில் வைப்பது, நம்மூர் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போய் எதிர்க்கடையில் வாங்கி உங்கள் கடையில் வையுங்கள் என்று சொல்வதற்குச் சமம். தோழி அதை மரியாதைக்குறைவாக நினைத்துச் செய்யவில்லை. எங்கே கிடைக்கும் என்று சொல்வது நல்லதுதானே என்று வைத்தாள். வாங்கிப் படிக்கிறவர் கண்ணில் அது தகவல். விற்கிறவர் கண்ணில் அந்தக் கடிதம் அங்கேயே முடிந்தது.

வேறு வழி உண்டு. புக்ஸ் ஆன் டிமாண்ட் போன்ற சேவைகள் வழியாகப் போட்டால் புத்தகம் மொத்த விற்பனையாளரின் பட்டியலில் ஏறிவிடும். எந்தக் கடையிலும் கேட்கலாம். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதும் கிடங்கில் புத்தகம் இருப்பதும் ஒன்றல்ல. ஆர்டர் வந்த பிறகு அச்சடிக்கப்படும் பிரதி பல நாள் கழித்துத்தான் வரும். எல்லாரும் பங்கு எடுத்துக்கொண்ட பிறகு எழுதியவருக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு யூரோ மிஞ்சும். அலமாரிப் பிரச்சினை அப்போதும் தீராது. கேட்டு வருகிறவருக்கு அந்தப் புத்தகம் கிடைக்கும். கேட்கத் தெரியாதவர் கண்ணில் அது படாது. முதல் நாவல் எழுதியவளின் பெயரைச் சொல்லிக் கேட்க யார் வரப்போகிறார்கள்?

ஆகவே கடைசியில் எல்லாம் விற்காத பிரதியில்தான் வந்து நிற்கிறது. பெரிய பதிப்பகத்தின் புத்தகத்தை ஐந்து பிரதி எடுக்கும்போது கடைக்காரிக்குத் திருப்பி அனுப்பும் உரிமை பெரும்பாலும் இருக்கும். குறித்த மாதங்களுக்குள், மூலை மடங்காமல், அழுக்காகாமல் அனுப்பினால் பணம் வரவு வைக்கப்படும். அந்த ஒரு வசதியால்தான் பெயர் தெரியாத எழுத்தாளர் மேல் கடை துணிந்து பணம் போடுகிறது. தானே பதிப்பித்தவளிடம் அந்த வசதி இருக்குமா என்று கடைக்காரிக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அவர் வேண்டாம் என்பார். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாடகையும் மின்கட்டணமும் அவர் பெயரில் வருகின்றன.

தமிழில் இது புதிய கவலை அல்ல. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, அச்சாகும் முன்பே ஊர் ஊராகக் கையொப்பம் வாங்கினார்கள். இத்தனை பிரதி எடுத்துக்கொள்கிறேன் என்று கனவான்கள் கையெழுத்திட்டுக் கொடுப்பது அக்காலத்து வழக்கம். விற்காவிட்டால் என்ற கேள்வி புத்தகம் பிறக்குமுன்பே பல பேர் தோளில் பிரித்து ஏற்றப்பட்டது. 1920இல் கடயத்திலிருந்து பாரதி அனுப்பிய சுற்றுக்கடிதம் இன்னொரு வகை. தம் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக்கி, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிடத் திட்டமிட்டிருந்தார். முதலுக்குக் கடன் கேட்டார், வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொன்னார். மண்ணெண்ணெய் போல, தீப்பெட்டி போல வீட்டுக்கு வீடு விற்கும் என்று நம்பினார். அந்தத் திட்டம் நடக்கவில்லை. மறு வருஷமே அவர் இல்லை. பெருங்கவிஞன் ஒருவன் தன் எழுத்தின் அருமையை விளக்க மட்டும் கடிதம் எழுதாமல், பிரதி எண்ணிக்கை, முதல், வட்டி என்று கணக்கோடு எழுதினான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். கணக்கு எழுதுவதால் எழுத்தின் மானம் போய்விடும் என்று நினைக்கிறவர்களிடம் அந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன்.

இன்றைய தமிழ்ப் பதிப்பு நூலக ஆணையையும் சென்னைப் புத்தகக் காட்சியையும் பெரிதும் நம்பியிருக்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளிலோ வெளியீட்டு விழா மேடையில் பிரதி வாங்கி, உறையில் பணம் வைத்துக் கொடுப்பதோடு முடிகிறது. ஐரோப்பாவில் நாற்பது வருஷமாகத் தமிழர் எழுதியவை பெரும்பாலும் இப்படிக் கைக்குக் கை போனவைதான். ஊர்க் கடையின் கதவைத் தட்டும் பழக்கம் நமக்கு உருவாகவே இல்லை. தோழி ஜெர்மனில் எழுதியதால் தட்ட வேண்டி வந்தது. தட்டியபோது, அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சட்டங்கள் எதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவற்றில் முதலாவது விலைச் சட்டம். ஜெர்மனியில் புதுப் புத்தகத்துக்கு ஒரே விலைதான். 1888இல் வியாபாரிகள் சங்கத்தின் கட்டுப்பாடாக உறுதியான வழக்கம், 2002 அக்டோபரிலிருந்து தனிச் சட்டமாகவே இருக்கிறது. வெளியிடுகிறவர் விலை குறிக்க வேண்டும். குறித்த விலையில்தான் எல்லாரும் விற்க வேண்டும். மியூனிக் மரியன்பிளாட்ஸில் இருக்கும் பெரிய கடையும், கார்ஹிங்கின் சிறு கடையும், இணையக் கடையும் ஒரே விலை. சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடி கேட்டுப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். சிறு கடைகள் அங்கே இன்னும் உயிரோடு இருப்பதற்கு இந்தச் சட்டம் பெரிய காரணம். தானே பதிப்பித்தவளும் இந்தச் சட்டத்தின் கண்ணில் வெளியிடுகிறவள்தான். பதினைந்து யூரோ என்று பின்னட்டையில் போட்டுவிட்டு, தன் இணையப் பக்கத்தில் "நண்பர்களுக்குப் பன்னிரண்டு யூரோ" என்று அவள் விளம்பரம் செய்திருந்தாள். அன்பினால் செய்தது. ஆனால் அது சட்டமீறல். குறித்த விலையைக் கைவிட வேண்டுமானால் முதல் வெளியீட்டிலிருந்து 18 மாதம் தாண்டியிருக்க வேண்டும். கடைக்காரி அவள் பெயரைத் தேடிப் பார்த்தால் கண்ணில் முதலில் படுவது அதுதான். தான் பதினைந்துக்கு விற்க வேண்டிய புத்தகத்தை எழுதியவளே மூன்று யூரோ குறைத்து விற்கிறாள் என்றால் அலமாரியில் வைப்பாரா? அன்றிரவே அந்த வரியை எடுக்க வைத்தேன்.

இரண்டாவது, மின்னஞ்சல் என்ற வழியே. ஜெர்மன் போட்டிச் சட்டப்படி, முன்கூட்டி இசைவு பெறாமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்பக்கூடாது. வாங்குகிறவர் வணிகராக இருந்தாலும் கூடாது. ஒரே கடிதத்தை ஐம்பது கடைகளுக்கு அனுப்பிவைப்பது இங்கே வெறும் அசட்டுத்தனம் மட்டுமல்ல, வக்கீல் நோட்டீஸ் வரை போகக்கூடிய காரியம். ஊர்க் கடை ஒன்றுக்குத் தனியாக எழுதிய கடிதத்துக்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள்தான். ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் நாகரிகம் எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் நேரில் போ, கேள், எழுதி அனுப்பு என்று அவர் சொன்ன பிறகு எழுது. கார்ஹிங் மாதிரி ஊரில் கடைக்குப் போக சைக்கிளில் பத்து நிமிஷம் போதும். அதைச் செய்யாமல் மின்னஞ்சல் மட்டும் அனுப்புகிறவளை ஊர்க்காரி என்று எப்படி நம்புவது?

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டமில்லாத நேரத்தில், கையில் ஒரு பிரதியோடு தோழி கடைக்குப் போனாள். கடைக்காரி புத்தகத்தை வாங்கியதும் திறக்கவில்லை என்று பிறகு சொன்னாள். முதலில் முதுகைப் பார்த்தாராம். பெயர் இருக்கிறதா, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று. ஜெர்மன் மரபில் முதுகெழுத்து கீழிருந்து மேலே ஏறும். ஆங்கிலப் புத்தகங்களில் மேலிருந்து கீழே இறங்கும். தோழியின் அட்டை சென்னையில் வடிவமைத்தது, இறங்கியது. அது ஒன்றும் தடையல்ல, இப்போது இரண்டும் கலந்தே வருகின்றன. அதன் பிறகு பின்னட்டையைத் திருப்பிப் பட்டைக்குறியையும் விலையையும் பார்த்தார். உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தில் பெயரும் முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தார். கடைசியாகத்தான் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து நின்றபடியே படித்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். எழுதியவளுக்கு அது எவ்வளவு நீளமான இரண்டு நிமிஷம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"விவரங்களை எழுதி அனுப்புங்கள்" என்றார். அன்று மாலை நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதிய கடிதம் ஜெர்மனில் போனது. தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"பொருள்: கார்ஹிங்கில் நடக்கும் நாவல் – 5 பிரதி, விற்றதற்கு மட்டும் பணம்.

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு, இன்று காலை கடையில் சந்தித்தபோது எழுதி அனுப்பச் சொன்னீர்கள். நாவல் முழுவதும் கார்ஹிங்கில் நடக்கிறது. கணவரின் வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து ஊர் பேக்கரியில் வேலைக்குச் சேரும் பெண்ணின் முதல் குளிர்காலம். இசார் கரையும் யு6 ரயிலும் அறிந்தவர்களும், வளாகத்தில் வேலை செய்பவர்களும் வாசகர்களாக இருக்கக்கூடும்.

மென்னட்டை, 284 பக்கம், விலை 15 யூரோ. ஐந்து பிரதிகளை மூன்று மாதத்துக்கு உங்கள் கடையில் வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். விற்றதற்கு மட்டும் மூன்று மாத முடிவில் கணக்குப் பார்க்கலாம். மிஞ்சியதை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். கையாண்டதில் மூலை தேய்ந்திருந்தாலும் என் பொறுப்பு. நான் விற்பனை வரி வசூலிக்காத சிறு தொழில்முனைவர் பிரிவில் இருக்கிறேன். அதைக் கணக்கில் கொண்டு ஒரு பிரதிக்கு 8.41 யூரோ கேட்கிறேன். இணைப்பில் அட்டைப் படமும் பத்துப் பக்கமும் உள்ளன. நான் கார்ஹிங்கில்தான் வசிக்கிறேன். விற்றுத் தீர்ந்தால் அன்றே பிரதி கொண்டுவர முடியும்."

கீழே ஐ.எஸ்.பி.என்., தொலைபேசி எண், முகவரி. அவ்வளவுதான்.

8.41 என்ற அந்த வினோதமான எண் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும், ஏனெனில் கடைக்காரியின் மனதை மாற்றியது அதுதான் என்று நினைக்கிறேன். கடைக்கு நாற்பது சதவீதம் கழிவு தருவதாகத் தோழி முதலில் கணக்குப் போட்டாள். பதினைந்தில் நாற்பது சதவீதம் போனால் ஒன்பது யூரோ. எளிய கணக்கு. ஆனால் பதினைந்து யூரோவுக்குள் ஏழு சதவீத வரி அடங்கியிருக்கிறது. கடை அரசுக்குக் கட்ட வேண்டியது 98 சென்ட். வழக்கமான பதிப்பகம் ஒன்பது யூரோவுக்கு ரசீது போட்டால் அதற்குள்ளும் 59 சென்ட் வரி இருக்கும், கடை அதைக் கழித்துக்கொள்ளும். தோழி வரி வசூலிக்காத பிரிவில் இருப்பதால் அவளுடைய ரசீதில் வரி இல்லை, கழிக்கவும் வழியில்லை. ஆக அதே ஒன்பது யூரோவில் பதிப்பகப் புத்தகம் கடைக்கு 5.61 மிச்சம் தரும், தோழியின் புத்தகம் 5.02 தரும். சிறு எழுத்தாளரிடம் வாங்கியதற்காகக் கடை ஒவ்வொரு பிரதியிலும் 59 சென்ட் இழக்கிறது. தன் ரசீதில் அந்த 59 சென்ட்டைக் குறைத்து 8.41 ஆக்கினால் இரண்டும் சமம்.

"எனக்கு ஏற்கெனவே ஒண்ணும் நிக்கலையே அக்கா" என்றாள். உண்மைதான். ஒரு பிரதி அச்சடிக்க அவளுக்கு 5.20 ஆகியிருந்தது. ஒன்பது வாங்கினால் 3.80 நிற்கும், 8.41 வாங்கினால் 3.21. ஐந்து பிரதியும் விற்றால் ஏறக்குறைய மூன்று யூரோ குறைகிறது. அந்த மூன்று யூரோவில், கடைக்காரியின் மேசையில் நடக்கும் கணக்கை இவள் அறிந்திருக்கிறாள் என்பது சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. பாட்டி கதையை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது தெரியாது.

மூன்று வரியில் கதையைச் சொல்வதுதான் அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. புலம்பெயர்ந்தவளின் தனிமை, அடையாளம், தாய்மை என்று அவள் எழுதிய வாக்கியங்களை எல்லாம் நான் எடுத்தேன். அவை பொய்யல்ல. நாவலில் அவை இருக்கின்றன. ஆனால் கடைக்காரி அந்தப் புத்தகத்தை எந்த மேசையில் வைப்பது என்று தீர்மானிக்க அவை உதவாது. ஜெர்மன் கடைகளில் ஊர்ப் புத்தகங்களுக்கென்று ஒரு மேசை இருக்கும். நடைபாதை வழிகாட்டி, ஊர் வரலாறு, வட்டாரச் சமையல், உள்ளூர்க் குற்றக்கதை. கார்ஹிங்கின் பேக்கரியில் நடக்கும் நாவல் அந்த மேசைக்கு நேராகப் போகும். அந்நியப் பெண்ணின் கதை என்று சொல்லியிருந்தால் அதை எங்கோ மூலையில் அகர வரிசையில் செருகியிருப்பார்கள். அவள் அந்நியளாக உணர்ந்த ஊரின் கதை ஊர்க் கதையாகவே மேசையில் உட்கார்ந்தது. நாங்கள் நினைத்துச் செய்தது விற்பனைக்காகத்தான். ஆனால் நாவல் கடைசிவரை கேட்டதும் அந்த இடத்தைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கேட்காமலே கிடைக்கும் இடமும் ஒன்று உண்டு. ஜெர்மன் சட்டப்படி வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு பிரதி தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். பவேரியாவில் வெளியாவதால் மாநில நூலகத்துக்கும் இரண்டு. தோழி அவற்றை ஏற்கெனவே அனுப்பியிருந்தாள். லைப்சிக்கிலும் பிராங்க்ஃபர்ட்டிலும் மியூனிக்கிலும் அவள் புத்தகத்துக்குக் காலகாலத்துக்கும் இடம் உண்டு, யாரையும் கேட்க வேண்டாம். தன் தெருவிலிருந்து பத்து நிமிஷத்தில் இருக்கும் மேசையில் மூன்று மாதம் இடம் பிடிக்கத்தான் இவ்வளவு பாடு.

எங்கள் கடிதத்துக்கு மறுநாளே பதில் வந்தது. ஐந்து பிரதி கொண்டுவரச் சொல்லியிருந்தார். இரண்டு தாளில் ஒப்படைப்புச் சீட்டு எழுதி, தேதி, பிரதி எண்ணிக்கை, கடைக்கான விலை, திரும்ப எடுக்கும் நாள் எல்லாம் குறித்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். இதை வாய்ப்பேச்சில் விட்ட எழுத்தாளர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்துக் கடையில் வேறு ஆள் நிற்பார், எத்தனை கொடுத்தோம் என்பது இரண்டு பக்கமும் நினைவில் இருக்காது, கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

மூன்று மாதத்தில் மூன்று பிரதி விற்றன. 25.23 யூரோவுக்கு ரசீது எழுதினாள். மிஞ்சிய இரண்டில் ஒன்றை எல்லாரும் எடுத்துப் புரட்டியிருக்க வேண்டும், முன்னட்டை லேசாக வளைந்து நின்றது. அதை அவளே எடுத்துக்கொண்டு, புதிதாக நான்கு கொடுத்தாள். அந்த வளைந்த பிரதிதான் இப்போது என்னிடம் இருக்கிறது.

இலையுதிர்காலத்தில் ஊர் நூலகத்தில் ஒரு வாசிப்பு மாலை வைக்கலாமா என்று கடைக்காரியே கேட்டிருக்கிறார். புத்தக மேசையைக் கடை போடும். அன்றைக்குத் தோழி தானே மேசை போட்டு விற்றால் ஒரு பிரதிக்கு 9.80 நிற்கும். கடை வழியாக விற்றால் 3.21. இருபது பிரதி போனால் வித்தியாசம் நூற்று முப்பது யூரோவுக்கு மேல். நூறு பிரதி அச்சடித்த பணத்தில் பாதிகூட இன்னும் அவளுக்குத் திரும்பவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். மாலை முடிந்து, மறுவாரம் ஒருவர் கடைக்குள் வந்து அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டால், கவுன்டரில் நிற்பவருக்கு அது தன் புத்தகமாக இருக்க வேண்டும் என்று சொன்னாள். மேசையைக் கடைக்கே கொடுத்துவிட்டாள்.